மூன்று பக்க மனு, 200 கேபி வரம்பு: எந்தக் கோளாறுக்கு எந்த வழி

சான்றிதழ் பிரிவில் எங்கள் மையத்துக்கு வருகிறவர்களில் பலர் இரண்டாவது முறை வருகிறவர்கள். முதல் முறை வேறெங்கோ போய் மனுவை ஸ்கேன் செய்து இணையதளத்தில் அப்லோட் செய்திருப்பார்கள். சில நாள் கழித்து "இணைப்பு தெளிவாக இல்லை" என்ற ஒரு வரியோடு மனு திரும்பியிருக்கும். ஸ்கேன் நன்றாகத்தான் எடுத்திருப்பார்கள். தளம் கேட்ட 200 கேபிக்குள் அடக்குவதற்காக அதைச் சுருக்கிய விதத்தில்தான் எழுத்து செத்துப்போயிருக்கும்.

இந்த வேலையைச் செய்து செய்து எனக்குப் பிடிபட்ட ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கோப்பின் எடையைக் குறைக்க ஐந்து இடங்கள் உண்டு: தேவையற்ற ஓரம், அழுக்குப் பின்னணி, நிறம், பிக்சல் எண்ணிக்கை, கடைசியாக ஜேபெக் தரம். இதே வரிசையில் குறைத்தால் எழுத்து தப்பிக்கும். நாமோ நேரே கடைசிக்குப் போய்த் தரத்தை 10-க்கு இறக்குகிறோம். மேசைத்துணியும் காகிதத்தின் மஞ்சளும் கோப்பில் அப்படியே இருக்க, எழுத்துதான் அழிகிறது.

கீழே வருவதெல்லாம் ஒரே ஒரு மனுவை வைத்துச் சொல்வது. ஒரு அம்மா கொண்டுவந்தார். கணவர் பெயரிலிருந்த நிலத்துக்கு வாரிசு என்ற முறையில் கொடுத்த மனு. முதல் இரண்டு பக்கம் நீல பால்பாயிண்டில் கையால் எழுதியது. மூன்றாவது பக்கம் இறப்புச் சான்றின் ஜெராக்ஸ், அதன்மேல் ஊதா முத்திரையும் பச்சை மையில் சான்றொப்பமும். மூன்றும் ஒரே பிடிஎஃப் ஆக, 200 கேபிக்குள். அவர் மகன் போனில் படம் எடுத்துச் செய்திருந்த பிடிஎஃப் 9 எம்பி. அதை ஏதோ ஒரு இணையதளத்தில் போட்டு 170 கேபி ஆக்கி அனுப்பித்தான் மனு திரும்பியிருந்தது.

"தம்பி, கண்ணாடி போட்டும் எனக்கே படிக்க முடியலப்பா, ஆபீசர் எப்படிப் படிப்பாரு?" என்றார். திறந்து பார்த்தேன். சர்வே நம்பர் 145/3-ஆ 145/8-ஆ என்று எனக்கும் தெரியவில்லை.

கோளாறு 1: சுருக்கினால் அளவு வந்துவிடுகிறது, எழுத்து மங்கிவிடுகிறது

இதுதான் முதன்மைக் கோளாறு என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஏ4 தாளை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில், ஸ்கேன் செய்தால் அகலம் 2480, உயரம் 3508 பிக்சல் வரும். கிட்டத்தட்ட 87 லட்சம் பிக்சல். 150 டிபிஐயில் எடுத்தால் 1240-க்கு 1754, சுமார் 22 லட்சம், அதாவது நான்கில் ஒரு பங்கு. மூன்று பக்கத்துக்கு 66 லட்சம் பிக்சல். நம்மிடம் இருப்பதோ 200 கேபி, அதாவது சுமார் 16 லட்சம் பிட். நான்கு பிக்சலுக்கு ஒரு பிட் என்ற கணக்கு. இந்தச் சின்னக் கையிருப்பை எழுத்துக்குச் செலவழிப்பதா, காகிதத்தின் சுருக்கத்துக்கும் விளக்கு நிழலுக்கும் செலவழிப்பதா என்பதுதான் கேள்வி.

ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. ஒரு கட்டம் முழுக்க ஒரே வெள்ளையாக இருந்தால் அதற்கு ஏறக்குறைய ஒன்றும் செலவாகாது. அதே கட்டத்தில் காகிதத்தின் நார், பின்பக்க மை கசிந்த நிழல், போன் கேமராவின் பொரிப்பொரியான புள்ளிகள் இருந்தால் அவற்றையும் அது உண்மையாகவே பதிய முயலும். கண்ணுக்கு வெறும் வெள்ளைத்தாளாகத் தெரியும் ஒரு படம் கனமாக இருப்பதற்கு இதுதான் காரணம். பின்னணியை வெளுத்தாலே எழுத்தைத் தொடாமல் எடை கணிசமாக இறங்கும்.

எவ்வளவு பிக்சல் வரை இறங்கலாம் என்பதற்குத் தமிழில் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: மெய்யெழுத்தின் புள்ளி. பால்பாயிண்டில் வைத்த புள்ளி சுமார் அரை மில்லிமீட்டர் இருக்கும். 150 டிபிஐயில் அது மூன்று பிக்சல். 72 டிபிஐயில் ஒன்றரை பிக்சல்தான், அதாவது ஒரு மங்கலான சாம்பல் கறை. ஜேபெக் தரத்தையும் இறக்கினால் அந்தக் கறையும் கரைந்துவிடும். புள்ளி போனால் வாசிப்பவர் ஊகித்துக்கொள்வார், சரி. ஆனால் அதே அளவு சின்னதான வேறு விஷயங்களும் அதோடு சேர்ந்து போகும். 3-இன் திறந்த வாய் அடைத்து 8 ஆகும். றகர வளைவும் னகர ணகரச் சுழிகளும் ஒட்டிக்கொள்ளும். பெயரை ஊகிக்கலாம், சர்வே நம்பரை ஊகிக்க முடியாது. அதனால் 150 டிபிஐக்குக் கீழே, அதாவது ஏ4 பக்கத்துக்கு 1240 பிக்சல் அகலத்துக்குக் கீழே, கையெழுத்து மனுவை நான் இறக்குவதில்லை. பெரிய எழுத்தில் அச்சடித்த படிவம் என்றால் 1000 வரை போகலாம்.

வேலையைத் தொடங்குமுன் முதல் மூலத்துக்குத் திரும்புங்கள். ஏற்கெனவே சுருக்கிய 170 கேபி கோப்பை எடுத்துச் சரிசெய்ய முடியாது. போன எழுத்து போனதுதான். அந்த அம்மாவின் தாளைக் கேட்டு வாங்கித் தட்டை ஸ்கேனரில் 300 டிபிஐயில், கலரில், மறுபடி எடுத்தேன். போன்தான் கையில் இருக்கிறது என்றால் சன்னல் ஓரப் பகல் வெளிச்சத்தில், தாளுக்கு நேர் மேலே பிடித்து, பக்கத்துக்கு ஒரு படமாக எடுங்கள். பிளாஷ் வேண்டாம், அது நடுவில் வெள்ளை வட்டம் போடும்.

பிறகு ஓரம் வெட்டுதல். தாளின் விளிம்பையும் மேசையையும் வெட்டி எறியுங்கள். இதை எந்தப் படச் செயலியிலும் செய்யலாம்.

அடுத்தது நிறமும் பின்னணியும். இங்கே முதல் இரண்டு பக்கத்துக்கு ஒரு வழி, மூன்றாம் பக்கத்துக்கு வேறு வழி. மூன்றையும் ஒரே மாதிரி நடத்தியதுதான் அந்த மகன் செய்த தவறு.

வெறும் நீல மையில் எழுதிய பக்கத்துக்குச் சாம்பல் நிறம்கூடத் தேவையில்லை. கருப்பு, வெள்ளை இரண்டே போதும். ஒவ்வொரு பிக்சலும் ஒரே பிட். அதைக் குரூப் 4 என்ற முறையில் சுருக்கினால் (ஃபேக்ஸுக்காக வந்த முறைதான்) எழுத்தின் விளிம்பில் ஒரு பிக்சலும் மாறாமல் நிற்கும். ஜேபெக்கில் எழுத்தைச் சுற்றி வரும் புகை இதில் வராது. எடையும் அவ்வளவு குறைவு என்பதால் பிக்சலை 150-லிருந்து 200 டிபிஐக்கு ஏற்றவே முடியும். இமேஜ்மேஜிக் என்ற இலவச நிரலில் நான் தருவது இது:

```
magick p1.jpg -auto-orient -strip -colorspace Gray -resize 1654x -negate -lat 40x40+8% -negate -type bilevel -compress Group4 p1.tif
```

இதில் 1654 என்பது ஏ4 அகலம் 200 டிபிஐயில். `-lat` என்பதுதான் உயிர்நாடி. பக்கம் முழுவதற்கும் ஒரே கோடு கிழித்து "இதற்கு மேல் வெள்ளை, கீழே கருப்பு" என்று சொன்னால் நிழல் விழுந்த மூலை முழுக்கக் கருப்பாகிவிடும். இது ஒவ்வொரு பிக்சலையும் அதைச் சுற்றியுள்ள 40-க்கு 40 பகுதியின் சராசரியோடு ஒப்பிடுகிறது, அதனால் நிழலில் இருக்கும் எழுத்தும் தப்பிக்கும். 8% என்பது எவ்வளவு வேறுபாடு இருந்தால் அதை மை என்று கொள்வது என்ற அளவு. எழுத்து உடைந்து புள்ளிகள் காணாமல் போனால் 5 ஆக்குங்கள். தாள் முழுக்க மிளகுத்தூள் தூவியது போல் வந்தால் 12 ஆக்குங்கள். தூள் விழுந்தால் கோப்பும் பெருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு துகளும் குரூப் 4-க்குத் தனியாக எழுதவேண்டிய ஒரு செய்தி. பக்கம் சுத்தமாக இருந்தால் எடை தானே இறங்கும்.

அந்த அம்மாவின் முதல் பக்கம் இப்படி 38 கேபி, இரண்டாவது 41 கேபி வந்தது. 145/3 என்பது பளிச்சென்று தெரிந்தது.

மூன்றாம் பக்கத்துக்கு மிச்சம் 120 கேபி. தாராளம். அதைச் சாம்பல் நிற ஜேபெக்காக வைத்துக்கொண்டேன், காரணம் அடுத்த கோளாறில். எல்லாம் முடிந்தபின் இப்படிச் சேர்த்தேன்:

```
img2pdf --pagesize A4 p1.tif p2.tif p3.jpg -o manu.pdf
```

`img2pdf` படங்களை மறுபடி சுருக்காமல், தரத்தில் கைவைக்காமல் பிடிஎஃப்பில் வைக்கிறது. வேர்டில் படத்தை ஒட்டி பிடிஎஃப் ஆக்கினால் அது தன் கணக்குக்கு ஒருமுறை சுருக்கிவிடும், அந்த வழி வேண்டாம். மொத்தம் 186 கேபி வந்தது.

கட்டளை எழுதிப் பழக்கமில்லாதவர்கள் போனில் உள்ள ஸ்கேனர் செயலியிலேயே பக்கத்துக்குப் பக்கம் வடிகட்டி மாற்றலாம். வெறும் எழுத்துப் பக்கத்துக்குக் கருப்பு-வெள்ளை, முத்திரைப் பக்கத்துக்குச் சாம்பல். கணினியில் ஜிம்ப் என்ற இலவச நிரல் போதும். `Colors` பட்டியலில் `Levels` திறந்து, வலது முனையில் இருக்கும் வெள்ளை முக்கோணத்தைத் தாளின் நிறம் குவிந்திருக்கும் மேட்டுக்கு இடப்பக்கமாக இழுங்கள். தாள் வெளுக்கும். ஜேபெக்காக ஏற்றுமதி செய்யும்போது `Show preview in image window` என்பதை டிக் செய்தால் தரத்தை நகர்த்த நகர்த்தக் கோப்பின் அளவு எவ்வளவு வரும் என்று அங்கேயே காட்டும். எழுத்து கலங்கத் தொடங்கும் இடத்தைக் கண்ணால் பார்த்து நிறுத்தலாம்.

கோளாறு 2: எழுத்து தெளிவு, ஆனால் முத்திரையோ கையெழுத்தோ காணோம்

கருப்பு-வெள்ளையாக்கினால் இது அடிக்கடி நடக்கும். பலமுறை அழுத்தித் தேய்ந்த ரப்பர் முத்திரையில் மை ஒரே சீராக இராது. வட்டத்தின் பாதி அழுத்தமாக, பாதி மூச்சு பட்டது போல இருக்கும். இரண்டே நிறத்தில் அந்த மெல்லிய பாதி வெள்ளையாகிப் போய்விடும். அளவை மாற்றி அதை வரவழைத்தால் அழுத்தமான பாதி கருப்புக் குழம்பாகி, அடியில் இருக்கும் கையெழுத்தை மூடிவிடும். மெல்லியது, அழுத்தமானது இரண்டையும் வைத்திருக்க நடுநிறங்கள் வேண்டும். ஆகவே முத்திரை விழுந்த பக்கம் எப்போதும் சாம்பல்.

சாம்பலிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கலர்ப் படம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று தகடுகள் சேர்ந்தது. ஊதா மை பச்சை வெளிச்சத்தை விழுங்கும். அதனால் பச்சைத் தகட்டை மட்டும் எடுத்துப் பார்த்தால் மங்கிய ஊதா முத்திரையும் சிவப்பு முத்திரையும் அழுத்தமாக எழுந்து நிற்கும். சாதாரணச் சாம்பலில் படிக்கமுடியாத வட்டத்து எழுத்துகள் இதில் படிக்க வரும். முத்திரையும் நீல மையும் மட்டும் உள்ள பக்கத்துக்கு நான் தருவது:

```
magick p3.jpg -auto-orient -strip -channel G -separate +channel -level 25%,80% -resize 1240x -quality 40 p3s.jpg
```

`-level 25%,80%` என்பது 80 சதவீதத்துக்கு மேல் வெளிச்சமான எல்லாவற்றையும் முழு வெள்ளையாக்குகிறது, அதாவது தாளை வெளுக்கிறது. மையைக் கருப்பாக்கவும் செய்கிறது. மெல்லிய முத்திரையும் வெளுத்துப் போவது போலிருந்தால் 80-ஐ 88 ஆக்குங்கள்.

ஆனால் இந்த அம்மாவின் மூன்றாம் பக்கத்தில் இதைப் போட்டதும் எனக்குப் பகீரென்றது. முத்திரை அருமையாக வந்தது, சான்றொப்பக் கையெழுத்து ஆவியாகிவிட்டது. நம்மூரில் சான்றொப்பமிடும் அதிகாரிகள் பச்சை மையில் கையெழுத்திடுவது வழக்கம். பச்சை மை பச்சைத் தகட்டில் தாளோடு தாளாக வெளுத்துவிடும். கையெழுத்தில்லாத சான்றொப்பம் வெறும் ஜெராக்ஸ்தானே. சிவப்புத் தகட்டை எடுத்தால் பச்சை மை நன்றாக வரும், ஊதா முத்திரை சற்று மங்கும்.

இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும்போது மூன்று தகட்டையும் கலந்த சாதாரணச் சாம்பல்தான் நடுவழி. `-channel G -separate +channel` என்ற இடத்தில் `-colorspace Gray` என்று போட்டு, `-level 25%,88%` ஆக்கினேன். முத்திரையின் வட்டத்து எழுத்தும் படிக்க வந்தது, கையெழுத்தும் நின்றது. 104 கேபி. சேர்ப்பதற்காக இதைத்தான் `p3.jpg` என்ற பெயரில் தனி அடைவில் வைத்தேன். மூலத்தின் மேலேயே எழுதிவிடாதீர்கள்.

பக்கத்தில் பச்சை மை இருக்கிறதா என்பதைச் சுருக்குவதற்கு முன்னால், தாளைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்துக்கொள்ளுங்கள். சுருக்கிய படத்தில் தேடினால் அங்கே ஒன்று இருந்ததே தெரியாது. அந்த ஆபத்து பெரிது, ஏனென்றால் பக்கம் பார்க்க மிகச் சுத்தமாகவே இருக்கும்.

கோளாறு 3: சுருக்கும் நிரல் ஓடி முடிகிறது, அளவு அசையவே இல்லை

போனில் எடுத்த படங்களைப் பிடிஎஃப் ஆக்கி, அதைக் கோஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற நிரலில் 150 டிபிஐக்குச் சுருக்கச் சொன்னால் சிலசமயம் 9 எம்பி 8.8 எம்பியாகத் திரும்பி வரும். நிரல் பழுதில்லை, நாம் கொடுத்த பக்கத்தின் அளவுதான் தவறு. பிடிஎஃப்புக்குள் இருக்கும் படங்களைப் பட்டியலிடும் இந்தக் கட்டளையை ஓட்டிப் பாருங்கள்:

```
pdfimages -list manu.pdf
```

வரும் பட்டியலில் `width` என்ற பத்தியில் 3000 என்றும், `x-ppi` என்ற பத்தியில் 72 என்றும் இருந்தால் சிக்கல் பிடிபட்டுவிட்டது. படம் 3000 பிக்சல், அங்குலத்துக்கு 72. அப்படியானால் பக்கத்தின் அகலம் 41 அங்குலத்துக்கு மேல், அதாவது ஒரு மீட்டருக்கும் அதிகம். படத்தைப் பிடிஎஃப் ஆக்கிய செயலி தாளின் அளவைக் கேட்காமல் இப்படிச் சுவரொட்டியாகச் செய்துவிட்டது. சுருக்கும் நிரல் வந்து பார்க்கிறது: கேட்டது 150, இருப்பதோ 72, ஏற்கெனவே குறைவாகத்தானே இருக்கிறது என்று பிக்சலைத் தொடாமல் விட்டுவிடுகிறது.

படங்களை வெளியே எடுத்து முன்சொன்ன வழியில் ஏ4 ஆகச் செய்தால் தீர்ந்தது:

```
pdfimages -all manu.pdf p
```

இதன் இன்னொரு வடிவம், 200 டிபிஐ படத்தை 150-க்குக் குறைக்கச் சொன்னாலும் குறையாமல் இருப்பது. கோஸ்ட்ஸ்கிரிப்ட் இயல்பாக, இலக்கைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால்தான் பிக்சலைக் குறைக்கும். 150-இன் ஒன்றரை மடங்கு 225. 200 அதற்குள் அடங்கிவிடுகிறது. இதைத் தெரியாமல் பலர் அடுத்த படியாக `/screen` என்ற அமைப்புக்குப் போவார்கள். அது 72 டிபிஐ. உடனே கோப்பு சிறுத்துவிடும், புள்ளியும் சர்வே நம்பரும் கூடவே போய்விடும். திரும்பிவரும் மனுக்களில் நான் பார்க்கும் மங்கல் பெரும்பாலும் இந்த 72-தான் என்று `pdfimages` காட்டுகிறது.

பிடிஎஃப்பை ஜிப் செய்து பார்ப்பவர்களும் உண்டு. உள்ளே இருக்கும் ஜேபெக் ஏற்கெனவே பிழிந்த துணி, மறுபடி பிழிந்தால் நீர் வராது. தளமும் ஜிப்பை ஏற்காது.

கோளாறு 4: அளவு 200-க்குள்தான், தளம் மறுக்கிறது

கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி `Properties` பாருங்கள். `Size` என்ற வரியில் அடைப்புக்குள் பைட் கணக்கு முழுதாக இருக்கும். பார்க்கவேண்டியது அதைத்தான். அடியிலிருக்கும் `Size on disk` என்ற வரியைப் பார்க்கவேண்டாம், அது வட்டில் அடைத்துக்கொண்ட இடம். விண்டோஸ் ஒரு கேபியை 1024 பைட் என்று எண்ணுகிறது. தளத்தை எழுதியவர் 1000 என்று எண்ணியிருந்தால் 200 கேபி என்பது 2,00,000 பைட். உங்கள் கோப்பு 2,03,000 பைட் என்றால் விண்டோஸ் 198 கேபி என்று சொல்லும், தளம் அதிகம் என்று சொல்லும். இரண்டும் தத்தம் கணக்கில் சரி. 190-க்குள் நிறுத்திவிட்டால் இந்த வழக்கே எழாது. சில தேர்வுத் தளங்களில் இதோடு கீழ்வரம்பும் உண்டு. வங்கித் தேர்வுக்கான ஐபிபிஎஸ் புகைப்படத்துக்கு 20 முதல் 50 கேபி வரை கேட்கிறது. அங்கே 18 கேபிக்குச் சுருக்கினாலும் திரும்பும்.

அளவு சரியாக இருந்தும் மறுத்தால் கோப்பின் வகையைச் சந்தேகியுங்கள். ஐபோன் படங்கள் ஹெச்இஐசி என்ற வகையில் சேமிக்கப்படலாம். பெயரின் கடைசியை `.jpg` என்று மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. உண்மையான ஜேபெக் கோப்பின் முதல் இரண்டு பைட் `FF D8`, பிடிஎஃப்பின் தொடக்கம் `%PDF`. நல்ல தளம் பெயரைப் பார்ப்பதோடு இதையும் பார்க்கும். போனின் `Settings` உள்ளே `Camera`, பிறகு `Formats`, அதில் `Most Compatible` என்று வைத்துவிட்டால் இனி எடுக்கும் படங்கள் நேரே ஜேபெக்காக வரும்.

கடவுச்சொல் போட்ட பிடிஎஃப் இன்னொரு காரணம். இறக்கிய இ-ஆதார் கோப்பு பூட்டோடுதான் வரும். சில தளங்கள் அதை ஏற்றுக்கொள்ளவும் செய்யும், அப்புறம் அலுவலகத்தில் யாராலும் திறக்க முடியாது. உங்கள் கணினியில் கடவுச்சொல் கொடுத்துத் திறந்து, அச்சுக் கட்டளையில் `Save as PDF` கொடுத்து, பூட்டில்லாத பிரதியை ஏற்றுங்கள். கோப்பின் பெயரையும் `manu1.pdf` என்பது போல் இடைவெளியும் குறியீடுகளும் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்று சொல்லியே ஆகவேண்டும். முகம் தெரியாத இலவசச் சுருக்கு தளங்களில் ஆதாரையும் நிலப் பத்திரத்தையும் ஏற்றாதீர்கள். அங்கே போன பிரதி எங்கே தங்குகிறது என்று உங்களால் சரிபார்க்க முடியாது. மேலே சொன்ன எல்லாமே உங்கள் கணினிக்குள்ளேயே நடப்பவை.

கோளாறு 5: ஏற்றியபின் பக்கம் படுத்துக் கிடக்கிறது

போன் படத்தை நிமிர்த்துவதில்லை. "இதைச் சாய்த்துக் காட்டு" என்று ஒரு குறிப்பை மட்டும் கோப்பில் எழுதி வைக்கிறது. உங்கள் திரை அதை மதிக்கும், தளம் மதிக்காமல் போகலாம். கட்டளையில் `-auto-orient` முதலில் வரவேண்டும், `-strip` அதற்குப் பின். முதலாவது பிக்சல்களையே திருப்பி வைக்கிறது, இரண்டாவது குறிப்புகளை நீக்குகிறது. வரிசை மாறினால் குறிப்பு போய்விடும், படம் படுத்தபடியே நிற்கும்.

கோளாறு 6: எல்லாம் செய்தும் அடங்கவில்லை

இந்தக் கணக்கில் சுத்தமான கையெழுத்துப் பக்கம் சுமார் 40 கேபி, முத்திரைப் பக்கம் சுமார் 100 கேபி. ஆகவே 200 கேபிக்குள் முத்திரையில்லாத பக்கம் நாலு, அல்லது முத்திரைப் பக்கம் ஒன்றும் மற்றவை இரண்டும் கொள்ளும். முத்திரையுள்ள பக்கம் மூன்று இருந்தால் எழுத்தைக் கொல்லாமல் அடக்க முடியாது. அப்போது தரத்தை இறக்குவதைவிட, தளத்தில் "பிற ஆவணம்" என்று தனிக் கட்டம் இருக்கிறதா பாருங்கள். சான்றொப்பப் பக்கத்தை அங்கே தனிக் கோப்பாக ஏற்றினால் அதற்கென்று இன்னொரு 200 கேபி கிடைக்கும். மனுவின் முதல் பக்கத்தில் இணைப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஏற்றுவதற்கு முன் நான் செய்யும் சோதனை ஒன்றுதான். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முடிந்த பிடிஎஃப்பைப் பக்க அகலத்துக்குத் திறந்து, அந்த மனுவை முன்பு பார்க்காத ஒருவரிடம் எண்களை மட்டும் வாசிக்கச் சொல்வேன். எழுதியவருக்கும் எனக்கும் எண் மனதில் இருப்பதால் மங்கலிலும் படித்துவிடுவோம். அன்றைக்குப் பக்கத்துக் கடைப் பையனைக் கூப்பிட்டேன். சர்வே நம்பரை நூத்தி நாப்பத்தஞ்சு பை மூணு என்றான், முத்திரையில் இருந்த பதவிப் பெயரையும் தானாகவே படித்தான். அந்த அம்மா தன் கையில் வைத்திருந்த தாளைத் திருப்பிப் பார்த்து, "சரியாப் படிக்கிறான்பா, அனுப்பிடு" என்றார். அனுப்பினேன்.